கடினத்தன்மை எண்ணும் உருக்கின் இழுவலிமையும்

காட்டூரிலிருந்து பழவேற்காடு வரையுள்ள ஏரிக்கரைப் பிரதேசத்தில் லேத்துப் பட்டறை நடத்துகிறவர்களிடம் படகுக்காரர்கள் கொண்டுவரும் வேலைகளில், டீசல் என்ஜினிலிருந்து விசிறி வரை நீண்ட குழாய்க்குள் சுழலும் ஷாப்ட்டை மாற்றித் தருவது மிகவும் சாமானியமானது. முகத்துவாரத்தின் மணல்திட்டில் விசிறி அடிபட்டு ஷாப்ட் வளைந்திருக்கும். அல்லது கப்ளிங் அருகில் சுத்தமாக முறிந்தே போயிருக்கும். பட்டறைக்காரர் மூலையிலிருந்து ஒரு ராடை எடுத்து வைத்தவுடன், "அண்ணே, இது தாங்குமா? பழசு மாதிரி ஒடியாதே?" என்ற கேள்வி வரும். அந்த ராடு பாரிமுனைக் கடையொன்றில் 'இ.என். எட்டு' என்ற பெயரில் வாங்கப்பட்டதாயிருக்கலாம். ஆனால் அதற்குச் சான்றிதழ் எதுவும் இராது, முனையில் பூசியிருந்த வர்ணமும் என்றோ அழிந்திருக்கும். இந்நிலையில் வலிமையை மதிப்பிடப் பட்டறையிலேயே செய்யக்கூடிய பரீட்சை கடினத்தன்மைச் சோதனை ஒன்றுதான். அந்தச் சோதனை இந்தக் கேள்விக்கு எவ்வளவு தூரம் பதில் சொல்லும், எந்த இடத்தில் அதன் வாய் அடைத்துப்போகும் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

சுவீடன் தேசத்துப் பொறியாளரான யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை மிகவும் எளியது. 10 மி.மீ. விட்டமுள்ள கடினமான பந்து ஒன்றை 3,000 கிலோ எடையின் விசையால் உருக்கின்மேல் பத்துப் பதினைந்து வினாடிகள் அழுத்தி, விசையை எடுத்தபின் அங்கே எஞ்சும் வட்டமான பள்ளத்தின் விட்டத்தை அளந்து, பள்ளத்தின் வளைந்த பரப்பால் விசையை வகுத்தால் கிடைப்பது பிரினெல் எண். பள்ளத்தின் விட்டம் 4.4 மி.மீ. என்றால் எண் 187, 4.3 மி.மீ. என்றால் 197. ஆகவே பிரினெல் எண் என்பது வெறும் தர வரிசை அன்று. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு எத்தனை கிலோ அழுத்தத்தைத் தாங்கி நின்றது என்று கூறும் அழுத்த அளவே அது.

இழுவலிமையோடு அதற்கு உறவு ஏற்படுவதும் இதனால்தான். பந்தின் கீழே நசுங்கும் உலோகம் நினைத்த பக்கமெல்லாம் நகர்ந்துவிட முடியாது. சுற்றிலுமுள்ள நசுங்காத உலோகம் அதை அணைபோட்டுத் தடுக்கிறது. அந்தத் தடையின் காரணமாக, ஒரு கம்பியைத் தனியே இழுத்து நீளச்செய்யத் தேவைப்படும் தகைவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தம் பந்துக்கு வேண்டியிருக்கிறது. இந்த மூன்று மடங்குக் கணக்கைக் கேம்பிரிட்ஜின் டேவிட் டேபர் 1951இல் வெளியிட்ட தம் நூலில் தெளிவாக நிறுவினார். நம் 187ஐ எடுத்துக்கொண்டால், கிலோவை நியூட்டனாக்க 9.81ஆல் பெருக்க 1,834 வரும். அதை மூன்றால் வகுத்தால் 611 மெகாபாஸ்கல். சாதாரண உருக்குகளைச் சோதித்து வகுத்த அட்டவணைகள் பிரினெல் எண் 190க்கு 640 மெகாபாஸ்கல் என்று கூறுகின்றன. உருக்கு இழுபடும்போது முறிவதற்கு முன் தானே சற்று இறுகிக்கொள்வதால் இந்தச் சிறு வித்தியாசம் உண்டாகிறது. எனவே பிரினெல் எண்ணை 3.4ஆல் பெருக்கினால் இழுவலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும் என்று கொள்வது நடைமுறைக்குப் போதும். பழைய மேஸ்திரிகள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டுச் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்லுவார்கள். அதுவும் இதே கணக்கு.

3,000 கிலோ அழுத்தும் யந்திரம் கிராமத்துப் பட்டறையில் இராது என்பது உண்மை. அதற்குப் பதிலாகப் 'போல்டி' என்று வழங்கும் கைக்கருவி ஒன்று உண்டு. செக் நாட்டுக் கிளாத்னோவில் 1889இல் கார்ல் விட்கென்ஸ்டைன் நிறுவிய உருக்காலைக்கு அவர் தம் மனைவி லெயோபோல்டீனின் செல்லப்பெயரை வைத்தார்; கருவிக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. தத்துவ ஞானியான லுட்விக் விட்கென்ஸ்டைன் இவருடைய புதல்வரே. உருக்கின் தரம் பார்க்கும் கருவிக்கு ஒரு தாயின் செல்லப்பெயர் வாய்த்தது சுவையான சேதிதான். இக்கருவியில் கடினத்தன்மை தெரிந்த சதுரக் கம்பி ஒன்று செருகப்பட்டிருக்கும். அதன் கீழே 10 மி.மீ. பந்து இருக்கும். பந்தைச் சோதிக்கும் பொருளின்மேல் வைத்துக் கருவியின் தலையில் சுத்தியால் ஓர் அடி கொடுத்தால், ஒரே அடியில் பந்து மேலே கம்பியிலும் கீழே பொருளிலும் இரு பள்ளங்களைப் பதிக்கிறது. இரு பள்ளங்களுக்கும் விசை ஒன்றே ஆதலால் அடி பலமா, மெலிதா என்ற கவலை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. இரண்டு விட்டங்களையும் உருப்பெருக்கியால் அளந்து ஒப்பிட்டாலே போதுமானது.

இப்போது 25 மி.மீ. ராடு ஒன்றை எடுத்துச் சோதித்துப் பார்ப்போம். முதலில் எங்கே அடிப்பது என்று நிர்ணயிக்க வேண்டும். ராடின் உருண்டைப் பக்கத்தில் அடித்தால் பள்ளம் வட்டமாக விழாமல் முட்டை வடிவில் விழும். அதைத் தவிர்க்கத் தட்டையாகத் தேய்த்தால், 10 மி.மீ. அகலத் தட்டைக்கே ஒரு மில்லிமீட்டர் ஆழம் தேய்ந்து, ஷாப்ட்டுக்கு நாமே ஊனம் உண்டாக்கியவர்களாவோம். ஆகவே ராடின் முனையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதன் வெட்டுமுகத்தை லேத்தில் முகப்பு கடைந்து, மெல்லிய எமரித் தாளால் துடைத்து அங்கே அடிப்பதே சரியான முறை. கறுப்பு ராடின் மேல்தோலில், ஆலையில் சூடேறியபோது கரி எரிந்துபோன மென்மையான படலம் ஒன்று இருக்கும். வெட்டுமுகத்தில் சோதித்தால் அதன் தொல்லையும் இல்லை. துண்டைக் கனமான பட்டடைக்கல்லின்மேல் ஆடாமல் நிற்கும்படி வைக்க வேண்டும். பள்ளத்தின் மையம் விளிம்பிலிருந்து பள்ள விட்டத்தைப்போல் இரண்டரை மடங்காவது உள்ளே இருக்கவேண்டும்; இரு பள்ளங்களின் மையங்களுக்கிடையில் மும்மடங்கு தூரம் வேண்டும். 25 மி.மீ. முகத்தில் 3 மி.மீ. பள்ளங்கள் இரண்டுக்குத்தான் இடம் கிடைக்கும். இன்னொன்று வேண்டுமானால் மற்றொரு முகத்தைத் தேட வேண்டுமேயன்றி, இருக்கிற இடத்தில் நெருக்கி அடிக்கலாகாது. விளிம்பருகே உலோகம் வெளியே பிதுங்கிப் பள்ளம் பெரிதாகிவிடும், பழைய பள்ளத்தருகே ஏற்கெனவே இறுகியுள்ள உலோகம் புதிய பள்ளத்தைச் சிறிதாக்கிவிடும்.

செருகிய கம்பியின் பிரினெல் எண் 200 என்று கொள்வோம். அடித்தபின் கம்பியில் விழுந்த பள்ளம் 3.0 மி.மீ., நம் ராடில் விழுந்தது 3.1 மி.மீ. விட்டங்களின் வர்க்கங்கள் 9, 9.61. ஆகவே ராடின் எண் 200 × 9 ÷ 9.61, அதாவது ஏறக்குறைய 187, இழுவலிமை 3.4ஆல் பெருக்க 636 மெகாபாஸ்கல். இங்கே ஒரு நிமிஷம் நிதானிக்க வேண்டும். ராடின் பள்ளத்தை 3.1 என்று வாசிக்காமல் 3.2 என்று வாசித்திருந்தால் எண் 176 ஆகிவிடும், இழுவலிமை 598 ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே ஏறத்தாழ நாற்பது மெகாபாஸ்கல் போய்விடுகிறது! அதனால் ஒவ்வொரு பள்ளத்தையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து சராசரி எடுப்பது அவசியம். இரு திசைகளிலும் அளவு வெகுவாக மாறினால் கருவி சாய்ந்து நின்றது என்று தெரிந்துகொண்டு, அந்த அடியைத் தள்ளிவிட வேண்டும். இத்தனை ஜாக்கிரதையோடு செய்தாலும், அளவீட்டுத் தவறும் பெருக்குக் கணக்கின் தோராயமும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு முன்பின்னாகக்கூடும். ஆகவே '636' என்று குறித்துக்கொள்வது கணிதத்தில் சரி, பட்டறையில் பாசாங்கு. '570 முதல் 700 வரை' என்பதே நேர்மையான பதில்.

இந்த இடத்தில், திரையில் எண் தெரியும் சிறிய மின்னணுக் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீட்மார் லேப் 1970களில் வகுத்த முறைப்படி, சிறிய குண்டு ஒன்று பொருளில் மோதித் திரும்பும் வேகத்தைப் பார்த்து அது கடினத்தன்மையைக் கூறுகிறது. பெரிய வார்ப்புகளுக்கும் கப்பல் தகடுகளின் கனமான சட்டங்களுக்கும் அது நல்ல கருவி. ஆனால் வழக்கமான அதன் முனைக்குப் பொருள் 5 கிலோவாவது கனக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கனமான தளத்தோடு சேர்த்துப் பொருத்த வேண்டும். 25 மி.மீ. ராடில் ஒரு அடி நீளத் துண்டு ஒன்றேகால் கிலோகூட இராது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கருவியைத் தட்டினால், துண்டே அதிர்ந்து சக்தியைக் குடித்துவிட, கருவி நல்ல உருக்கையும் மென்மையானது என்று சொல்லும்.

நமக்குக் கிடைத்த 187 என்ற எண்ணிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்? இ.என். எட்டு என்பது நூற்றுக்கு 0.4 அளவில் கரியுள்ள உருக்கு. சமனாக்கிய நிலையில் அதன் பிரினெல் எண் 152க்கும் 207க்கும் இடையில் இருக்கும். நம் ராடு அந்த எல்லைக்குள் அடங்குகிறது. எண் 120 என்று வந்திருந்தால், 'இது இ.என். எட்டு அன்று, சாதாரண மென்னுருக்கு' என்று திட்டமாகத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் 187 வந்தது என்பதற்காக 'இது இ.என். எட்டேதான்' என்று கூற முடியாது. நிக்கலும் குரோமியமும் கலந்த விலையுயர்ந்த உருக்கொன்று நன்கு மென்மையாக்கப்பட்ட நிலையிலும், மென்னுருக்குக் கம்பியொன்று குளிர்நிலையில் பலமாக இழுக்கப்பட்டு இறுகிய நிலையிலும் இதை ஒட்டிய எண்களைக் காட்டக்கூடும். கடினத்தன்மை நிராகரிக்க உதவும் அளவுக்கு ஏற்றுக்கொள்ள உதவுவதில்லை. கரியின் அளவை அறிய, சாணைச் சக்கரத்தில் ராடைத் தொட்டு, தெரிந்த இ.என். எட்டுத் துண்டின் பொறியோடு அதன் பொறியை இருட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பது பட்டறை முறை: கரி ஏற ஏறப் பொறிகளின் கிளைப்பு மிகும். அதிலும் சந்தேகம் தீராவிட்டால், தரமணியிலுள்ள தேசியச் சோதனை நிலையம் போன்ற இடத்தில் துண்டைக் கொடுத்து ரசாயனப் பகுப்பாய்வு செய்துகொள்வதே வழி.

3.4 என்ற பெருக்கம் கரி உருக்குக்கும், கலப்பு குறைந்த உருக்குக்கும் உரியது. அதை மற்ற உலோகங்களுக்கு நீட்டுவது ஆபத்து. மிகப் பெரிய ஏமாற்றம் வார்ப்பிரும்பில் உண்டாகும். என்ஜினின் ஃபிளைவீலிலோ சிலிண்டர்க் கட்டையிலோ பிரினெல் 200 என்று வந்தால், பெருக்கல் கணக்கு 680 மெகாபாஸ்கல் என்று சொல்லும். உண்மையில் அந்தச் சாம்பல் வார்ப்பிரும்பு 200 அல்லது 250 மெகாபாஸ்கலிலேயே பிளந்துவிடும். அதனுள்ளே ஏடு ஏடாகப் பரவியிருக்கும் கரித்துகள்கள் அழுத்தத்தைத் தாங்கும். இழுப்பில் ஒவ்வொன்றும் ஒரு பிளவாகிவிடும். பந்து அழுத்துகிறதேயொழிய இழுப்பதில்லை என்பதால் இந்தப் பலவீனம் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. உப்புநீருக்குப் பயந்து பலர் விரும்பும் துருவேறா உருக்கு 304ஐ அழுத்தும்போது, பந்தின் கீழே அது வெகுவாக இறுகும் சுபாவமுடையது. ஆகையால் அதற்குத் தனி அட்டவணைதான். பித்தளை, வெண்கல விசிறிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட ஷாப்ட்டில் ராக்வெல் 'சி' அளவில் 55 என்று வரும். அட்டவணை அதற்கு ஏறத்தாழ 2,000 மெகாபாஸ்கல் என்று எழுதியிருக்கும். அது அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் தோலின் சரித்திரமேயன்றி ஷாப்ட்டின் வலிமையன்று.

இழுவலிமை சரியாகவே தெரிந்துவிட்டாலும், அதோடு சேர்த்துத் தெரிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்ளும் இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, எவ்வளவு பாரத்தில் ஷாப்ட் நிரந்தரமாக வளையும் என்பது. இழுவலிமை 630 உள்ள இரு ராடுகளில், சமனாக்கியது அதில் பாதியைச் சற்றுக் கடந்தவுடன் வளையத் தொடங்கும். குளிர்நிலையில் இழுத்தது ஐந்தில் நான்கு பங்கு வரை நிமிர்ந்தே நிற்கும். மணல்திட்டில் மோதும் ஷாப்ட்டுக்கு முக்கியமான இந்த வித்தியாசத்தைக் கடினத்தன்மை எண் காட்டாது. மற்றொன்று, அதிர்ச்சியைத் தாங்கும் திறன். நிக்கல்-குரோமிய உருக்கைக் கடினமாக்கிப் பதப்படுத்தியபின், 550 பாகைக்கும் 400 பாகைக்கும் இடையில் மெல்ல ஆறவிட்டால், கடினத்தன்மை இம்மியும் மாறாமலிருக்க, உருக்கு நொறுங்கும் குணம் பெற்றுவிடும். அதே உருக்கை விரைந்து குளிர்வித்தால் அந்தத் தொல்லை இல்லை. பந்துப் பள்ளம் இரண்டிலும் ஒன்றேதான். சுத்தியலடியில்தான் பேதம் தெரியும்.

இனிப் படகுக்காரரின் கேள்விக்கு வருவோம். பழைய ஷாப்ட் ஏன் ஒடிந்தது? 10 குதிரைத்திறன் என்ஜின், ஷாப்ட் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், அது சுமக்கும் முறுக்கு ஏறத்தாழ 71 நியூட்டன்-மீட்டர். 25 மி.மீ. ஷாப்ட்டில் இது உண்டாக்கும் வெட்டுத் தகைவு 23 மெகாபாஸ்கல்தான். இழுவலிமை 570 ஆனாலென்ன, 700 ஆனாலென்ன, இந்த 23க்கு முன் இரண்டும் மிகை. அப்படியிருந்தும் ஒடிகிறது என்றால், அந்த முறிவு வலிமைக் குறைவால் வந்ததன்று. முறிந்த முகத்தைக் கழுவி வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் பிரத்தியட்சமாகத் தெரியும்: கீவேயின் கூரிய மூலையிலிருந்து தொடங்கி, கரையில் அலை விட்டுச்சென்ற கோடுகள்போல் வளைவு வளைவாகப் பரவி வழவழப்பாக இருக்கும் பகுதி ஒன்று, கடைசியில் ஒரேயடியாகக் கிழிந்த சொரசொரப்பான சிறு பகுதி மற்றொன்று. இது களைப்பு முறிவு. கப்ளிங் நேராக அமையாததாலோ, விசிறியின் ஓர் இதழ் உடைந்து கனம் பிறழ்ந்ததாலோ ஷாப்ட் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இப்படியும் அப்படியும் வளைகிறது. 1,000 சுற்று வேகத்தில் 167 மணி நேரத்தில் ஒரு கோடி முறை வளைந்துவிடும்; நாளொன்றுக்கு ஐந்து மணி ஓடும் படகுக்கு இது ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான வேலைதான்.

காற்றில் ஓடும் யந்திரத்துக்கு இங்கேயும் கடினத்தன்மை எண் கொஞ்சம் உதவும். ஏனெனில் பளபளப்பான உருக்குத் துண்டின் களைப்பு எல்லை அதன் இழுவலிமையில் ஏறக்குறைய பாதி. உப்புநீரிலோ அந்த எல்லையே இல்லாமற்போகிறது. அரிப்பு பதித்த நுண்குழிகள் ஒவ்வொன்றும் பிளவுக்கு வித்தாவதால், வலிமை கூடிய உருக்கும் குறைந்த உருக்கும் கரி உருக்குகளுக்குள் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு இறங்கிவிடுகின்றன. 'பழையது ஒடிந்துவிட்டது, இன்னும் கடினமான ராடாகப் போடு' என்று படகுக்காரர் கேட்பதும், பட்டறைக்காரர் இணங்கி இ.என். இருபத்துநான்கு போட்டுக் கூடுதல் பணம் வாங்குவதும் இதனால்தான் பயனற்றுப்போகின்றன. கீவேயின் மூலையை உருட்டிக் கடைவது, கப்ளிங்கை நேர்படுத்துவது, புஷ் தேய்ந்திருந்தால் மாற்றுவது, ஷாப்ட்டை உப்புநீர் தொடாமல் கிரீஸிட்டுக் காப்பது ஆகியவற்றில் அதே பணத்தைச் செலவிட்டிருக்கலாம்.

முறியாத பழைய ஷாப்ட்டை மறுபடி போடுவதானால், அதில் பிளவு விழுந்திருக்கிறதா என்று பார்க்கக் கடினத்தன்மைக் கருவியைத் தொடவே வேண்டாம். பிளவின் பக்கத்திலேயே அடித்தாலும் எண் ஒழுங்காகத்தான் வரும். கீவேயும் கப்ளிங் உட்காரும் இடமும் நன்றாகத் துரு நீங்கும்படி துடைத்து, ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காலையில் துணியால் சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் தூளைக் குழைத்து மெலிதாகப் பூச வேண்டும். பிளவு இருந்தால் உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய் சில நிமிடங்களில் வெண்பூச்சில் கறுத்த கோடாக எழும். இன்னும் நிச்சயம் வேண்டுமென்பவர்கள் கடையில் கிடைக்கும் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சுமான தெளிப்பான் ஜோடியை உபயோகிக்கலாம், தத்துவம் ஒன்றே.

ராடுகளைச் சோதித்து வைக்கும் பட்டறைகள் ஒவ்வொன்றிலும் சிறு தகடு கட்டி எழுதிவைப்பது உசிதம். அதில் வெறும் '187' என்று எழுதினால், ஆறு மாதம் கழித்துப் பார்க்கிறவருக்கு அது எந்த முறையில் வந்த எண் என்று தெரியாது. எந்திரத்தில், இக்கால விதிப்படி டங்ஸ்டன் கார்பைட் பந்தால், முழு விசையில் எடுத்தது என்றால் 187 HBW 10/3000 என்று எழுதுவது மரபு. போல்டிச் சுத்தியலில் எடுத்தது என்றால் அந்தக் குறியீட்டை இரவல் வாங்காமல், 'போல்டி, வெட்டுமுகம், இரண்டு பள்ளம், ஏறத்தாழ 187' என்று எழுதி, சோதித்த தேதியையும் சேர்க்க வேண்டும். இழுவலிமையை எழுதுவதானால் அதை வேறு வரியில், 'கணித்தது' என்ற சொல்லோடுதான் எழுத வேண்டும்.